வராத வட்டிக்குப் பங்கு கிடையாது

ஆண்டுக் கடைசிக் கூட்டத்தில் எங்கள் தெரு மகளிர் குழுவில் தவறாமல் ஒரு குரல் எழும். "பக்கத்துக் குழுவுல ஆளுக்கு ஐந்நூறுக்கு மேல குடுத்தாங்களாம், நமக்கு மட்டும் ஏன்க்கா முந்நூத்துச் சொச்சம்?" கேட்பவர் பெரும்பாலும் அந்த வருஷம் கடனே வாங்காதவராக இருப்பார். வாங்கினவர்கள் கட்டிய வட்டிதான் அவர் கைக்கும் லாபமாகப் போகிறது!

ஒரு குழுவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. இரண்டு வருஷத்தில் சேர்ந்தது 72,000. இதிலிருந்து உறுப்பினர்களுக்கே கடன், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. முதல் வருஷ லாபத்தைப் போன வருஷமே பிரித்தாயிற்று. இந்த வருஷம் பேரேட்டின்படி வர வேண்டிய வட்டி 9,000. நோட்டு, பஸ் செலவு 600 போக மிச்சம் 8,400. பதினைந்தால் வகுத்தால் தலைக்கு 560. கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் பேரேட்டில் சில பேருக்கு நேரே பென்சிலில் "பாக்கி" என்று எழுதியிருக்கும். அந்தப் பாக்கி வட்டி மட்டும் 3,000. கைக்கு வந்தது 6,000தான். செலவு போக 5,400. தலைக்கு 360. மீறி 560 கொடுத்தால், கூடுதலாகப் போகும் அந்த 200 அவரவருடைய ஒரு மாதச் சேமிப்பு. நம் பணத்தையே நமக்கு லாபம் என்று எண்ணிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு வருபவருக்குக் கொடுக்கப் பணம் குறையும்போதுதான் அது தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் வேண்டாம். பெட்டியிலும் வங்கியிலும் இருப்பது 36,400, உறுப்பினர்களிடம் நிற்கும் அசல் 41,000, ஆக 77,400. அதில் மொத்தச் சேமிப்பு 72,000-ஐக் கழித்தால் நிற்பது 5,400. பிரிக்கக்கூடியது அவ்வளவுதான். வங்கிக் கடன் வாங்கிய குழு என்றால் வங்கிக்குக் கட்ட வேண்டியதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். ஊரை விட்டே போனவர் வைத்த கடனை அசலில் சேர்க்கவே கூடாது.

இன்னொன்று. லாபத்தைப் பெருக்க, சில குழுக்களில் முதல் மாத வட்டியையே கடைசி வரை வாங்குகிறார்கள். 10,000 கடனை மாதம் ஆயிரமாக அடைத்தால், குறையும் அசலுக்கு 200, 180, 160 என்று இறங்கி மொத்த வட்டி 1,100 வரும். இறங்காமல் 200 என்றே வாங்கினால் 2,000. கடன் வாங்கியவரிடம் 900 ரூபாய் அதிகம் கறந்து லாபம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த முறை பங்கு பிரிக்கும் முன், அந்தக் கழித்தலை எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். ஊக்குநர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.