எலி கடித்த பட்டுக்கு யார் பணம் கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு பதிவு போட்டிருந்தார். "கோர்ட்டில் நடப்பது ரோமாபுரிச் சட்டம். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன குப்பை. நெசவு ஊருக்கு நெசவு ஊர் வழக்கம் போதும்" என்று எழுதியிருந்தார். கீழே ஒரே கைதட்டல். கமெண்ட்டில் பதில் எழுத ஆரம்பித்தேன், அடங்கவில்லை. அதனால் தனிப் பதிவு.

தம்பி, உன் பதிவில் ஒரு பாதி சரி. நம் ஒப்பந்தச் சட்டத்துக்குள் ரோமாபுரி இருப்பது உண்மை. குப்பை என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்ததே, அப்போது நடந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளி வீட்டில் குழித்தறி. பாவு, ஊடை, சரிகை எல்லாம் முதலாளி கொடுத்தது. இவருடையது தறியும் உழைப்பும்தான். இரவு தெருத் தண்ணீர் உள்ளே வந்து குழி நிரம்பி, தறியில் பூட்டியிருந்த பாவு நனைந்து கறை ஏறிவிட்டது. தறிக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்த சரிகைப் பையும் நனைந்தது. முதலாளி வந்து பார்த்தார். "பொருள் உன் தறியில் இருக்கும்வரை உன் பொறுப்பு, அதுதான் வழக்கம்" என்றார். பாவு, சரிகை இரண்டின் விலையையும் மாதாமாதம் கூலியில் பிடித்தார். நெய்த முழத்துக்கும் கூலி கிடையாது. அந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, ஏனென்றால் வழக்கம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் முதலாளிதான் நின்றார்.

இதே நிலைமையில்தான் ரோமானியச் சட்டத்தின் கதையே ஆரம்பிக்கிறது. கி.மு. 450 வாக்கில் ரோமில் சட்டம் என்பது மேல்குடிப் பூசாரிகளின் தலைக்குள் இருந்தது. வழக்கு என்று போனால் "வழக்கம் இதுதான்" என்று அவர்கள் சொல்வதே தீர்ப்பு. சாதாரண மக்கள் சண்டை போட்டு, எழுதி வை என்றார்கள். பத்துப் பேர் குழு உட்கார்ந்து எழுதியதுதான் பன்னிரண்டு பலகைகள். மக்கள் கூடும் இடத்தில் அவற்றை வைத்தார்கள். உள்ளே இருந்த விதிகள் கருணையானவை அல்ல. தீர்ப்பான கடனை முப்பது நாளில் கட்டாதவனைச் சங்கிலியில் கட்டலாம் என்றுகூட இருந்தது. ஆனால் எழுதிய விதியை எதிராளியும் படிக்கலாம், அதை வைத்து வாதாடலாம். வாய்வழக்கத்தோடு எப்படி வாதாடுவது?

அதற்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் சட்டம் வளர்ந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. அரசன் ஒரே நாளில் உத்தரவு போட்டு வந்ததல்ல அது. சட்டம் தெரிந்தவர்களிடம் ஆட்கள் போய், இப்படி நடந்துவிட்டது, யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அவர்கள் பதில் சொல்வார்கள். சந்தை, பட்டறை, கப்பல், வண்ணான்துறை என்று எல்லா இடத்துக் கேள்வியும் அந்தப் பதில்களில் இருக்கிறது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் அந்தப் பதில்களைப் பொறுக்கித் தொகுத்தார்கள். டைஜெஸ்ட் என்று பெயர்.

அதில் நமக்கு வேண்டிய மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, உல்பியன் என்பவர் சொன்னது. துணி வெளுப்பவரிடம் ஒருவர் துணி கொடுக்கிறார், எலி கடித்துவிடுகிறது. யார் பொறுப்பு? வெளுப்பவர்தான். எலி வரும் என்று தெரியும், அதிலிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும் என்கிறார். (நம் வீட்டில் எலிக்குப் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.)

இரண்டாவதும் அவர் சொன்னதுதான். கல் பதிக்கவோ செதுக்கவோ கைவினைஞரிடம் ஒரு மணியைக் கொடுக்கிறார்கள், அது உடைந்துபோகிறது. கல்லிலேயே பழுது இருந்து உடைந்தால் கைவினைஞர் மேல் வழக்கு இல்லை. வேலை தெரியாமல் உடைத்தால் வழக்கு உண்டு. பட்டு நூல் இற்றுப்போயிருந்து இழை அறுவதற்கும், தறி கட்டத் தெரியாமல் அறுவதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கூலி பிடிக்கும்போது அந்த வித்தியாசத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

மூன்றாவது, ஃபிளாக்கஸ் என்பவருக்கு மார்சியஸ் என்பவர் வீடு கட்டித் தர ஒப்புக்கொள்கிறார். பாதி கட்டியதும் நிலநடுக்கத்தில் இடிந்துவிடுகிறது. நஷ்டம் யாருக்கு? இயற்கையின் வலிமையால் போனதென்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஃபிளாக்கஸுக்கு.

மூன்றிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: பொருளை வாங்கியவர் மேல் குற்றம் உண்டா? பொருள் யார் கையில் இருந்தபோது போனது என்பதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை.

இது தேசூருக்கு எப்படி வந்தது என்று கேட்பாய். மேற்கில் பல நூற்றாண்டு யாரும் அதிகம் தொடாமல் கிடந்த டைஜெஸ்ட்டை, 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பொலோன்யாவில் பாடமாக நடத்தத் தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிராக்டன் பெயரில் வந்த சட்ட நூல் அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. 1703இல் லண்டனில் ஒரு வழக்கு. பெர்னார்ட் என்பவர் கோக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டு, கவனக்குறைவால் பிராந்தியைக் கொட்டிவிட்டார். நீதிபதி ஹோல்ட், பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைப் பிராக்டன் வழியாக ரோமானியரிடமிருந்து எடுத்து வகை வகையாகப் பிரித்துச் சொன்னார். 1781இல் இதே விஷயத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியவர் வில்லியம் ஜோன்ஸ். இரண்டு ஆண்டில் அவரே கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்தார். காளிதாசனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே ஜோன்ஸ்தான். பிறகு 1872இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. அதன் 148ஆம் பிரிவு முதல் வருவது இந்த ஒப்படைப்புச் சட்டம்.

பக்கத்தில் இருக்கும் பாண்டிச்சேரிக்கு வேறு கப்பலில் வந்தது. நெப்போலியன் காலத்து 1804 சிவில் சட்டம் ரோமானிய அடித்தளத்தில் கட்டியது. பிரெஞ்சுக்காரர் அதை அங்கே கொண்டுவந்தார்கள். அதில் 1789, 1790 என்று இரண்டு விதிகள் உண்டு. வேலைக்காரர் உழைப்பு மட்டும் தருபவராக இருந்து பொருள் அழிந்தால், தன் குற்றத்துக்கு மட்டுமே அவர் பொறுப்பு. குற்றமில்லாமல், வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே அழிந்தால் அவருக்குக் கூலி இல்லை, பொருளிலேயே பழுது இருந்தாலொழிய. கடுமைதான். ஆனால் பார், அந்தக் கடுமையான சட்டமும் கூலியை மட்டும்தான் எடுத்தது. பட்டு விலையை அவர் தலையில் கட்டவில்லை. நீ பெருமைப்படும் வழக்கம் இரண்டையும் எடுத்துவிட்டது.

இப்போது நம் சட்டத்தை அந்தப் புயல் வீட்டில் வைத்துப் பார்ப்போம். 151ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ளவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அவ்வளவு கவனம் வேண்டும். 152: அந்தக் கவனத்தை எடுத்திருந்தால், வேறு தனி ஒப்பந்தம் இல்லாதவரை, நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை.

தறியில் பூட்டிய பாவை நடு இரவில் யாரும் அவிழ்த்துத் தூக்க முடியாது. அதற்கு அவர் பொறுப்பில்லை என்பது என் கருத்து. சரிகைப் பை வேறு கதை. புயல் வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தன் சொந்தப் பணத்தில் வாங்கிய சரிகையாக இருந்தால் பரண்மேல் ஏற்றியிருக்க மாட்டாரா? அது எலி கடித்த துணி மாதிரி. அந்த விலையைக் கேட்க முதலாளிக்கு நியாயம் உண்டு. நெசவாளி என்பதற்காக அதை நான் மறைக்க மாட்டேன். பாவு ஒரு கணக்கு, சரிகை ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த சட்டத்தைத்தான் குப்பை என்கிறாய்.

சட்டத்தில் ஓட்டை இல்லையா? உண்டு. கவனமாக இருந்தேன் என்று காட்ட வேண்டிய சுமை பொருளை வாங்கியவர் மேல்தான். தண்ணீர் நிற்கும்போதே போட்டோ எடுக்காமல், முதலாளிக்குச் சொல்லாமல், வாரம் கழித்துப் பேசினால் யார் நம்புவார்கள்? அடுத்தது, அந்தத் "தனி ஒப்பந்தம்" என்ற வார்த்தை. எல்லா நஷ்டத்துக்கும் நானே பொறுப்பு என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் 152 கைகொடுக்காமல் போகலாம்.

170ஆம் பிரிவும் இருக்கிறது. பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்திச் சொன்னபடி வேலையை முடித்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். சட்டமே உதாரணமும் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை நகைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டு தைத்ததும் தருகிறேன், பணம் மூன்று மாதம் கழித்துக் கொடு என்று சொன்ன தையல்காரர் வைத்துக்கொள்ள முடியாது. நம்மவர்கள் "அடுத்த பாவுக்கு வாங்கிக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லும்போது கைவிடுவது இந்த உரிமையைத்தான்.

ரோமில் தறியில் உட்கார்ந்தவர்களில் பலர் அடிமைகள், அவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பேச்சும் இல்லை என்று நீ திருப்பிக் கேட்கலாம். உண்மைதான், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் எலிக்கும் நிலநடுக்கத்துக்கும் வித்தியாசம் பார்த்த அந்த விதி யாருக்காக எழுதப்பட்டதாக இருந்தாலும், இன்று அதை எடுத்துப் பேச அந்தப் புயல் வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. தெரிந்த நீ அதைத் தூக்கிப் போடச் சொல்கிறாய்.

பாவு வாங்கும் தேதி, எடை, நூலில் கண்ட பழுது, சரிகை எத்தனை கட்டு, கூலி எப்போது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடும்படி ஒரு மாதிரித் தாள் தயார் செய்திருக்கிறேன். வேண்டியவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். தம்பி, நீயும் வா. உன் அப்பாவின் கூலி நோட்டையும் எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.