விற்பதற்கு முன் ஒரு மூட்டை உளுந்து

விருதுநகர் மாவட்டக் கரிசல் மானாவாரியில் சோளம், கம்புடன் உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. ஆனால் பயறு வியாபாரியிடம் போய்விடுகிறது. சிவகாசி பட்டாசு ஆலைக்குச் செல்பவரின் தூக்குவாளியில் சோறும் நீர்த்த சாம்பாருமே மிஞ்சுகின்றன.

தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. எனவே மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஒரே வேளையில் சேர வேண்டியதில்லை. ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

கணக்கு இதுதான்: நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு 100 கிராம் பருப்பு வேண்டும். ரேஷனில் மாதம் கிடைப்பது ஒரு கிலோ துவரம் பருப்பு. நால்வர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம்தான் வரும்.

உண்ட புரதம் முழுவதும் செரிப்பதுமில்லை. முட்டை, பால் புரதம் ஏறத்தாழ 95 சதவீதம் செரிக்கும். பருப்புப் புரதம் அதைவிடக் குறைவாகவே செரிக்கும். பயறில் உள்ள டிரிப்சின் தடுப்பான், புரதத்தைச் செரிக்கும் நொதியை முடக்குகிறது. ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவைத்தால் அது பெரும்பாலும் செயலிழக்கும். சோளம் நேர்மாறு: நீரில் வெந்ததும் அதன் புரதம் இறுகி, செரிப்பது கடினமாகும். மாவைப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினால் அந்தக் குறை தணியும்.

அறுவடையில் 100 கிலோ மூட்டை ஒன்றை வீட்டுக்கென நிறுத்தினால், நால்வருக்கு ஆண்டு முழுவதும் ஆளுக்கு தினமும் 68 கிராம் கிடைக்கும். விலை பேசுவதற்கு முன்பே அந்த மூட்டையைத் தனியே எடுத்துவையுங்கள்.