இனிஷியல் படுத்திய பாடு

துபாயிலிருக்கும் என் மகன் போன வாரம் பேத்தியின் ரேங்க் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அங்கே சேர்க்கப்போகும் பள்ளியில் அரபி மொழிபெயர்ப்பு கேட்டார்களாம். டியூப் லைட்டுக்கு அடியில் வைத்து எடுத்தேன். பள்ளி முத்திரை மேல் வெளிச்சம் அடித்துவிட்டது. முத்திரையில் உள்ள எழுத்தையும் பெயர்க்க வேண்டும் என்பதால், ஜன்னலோரம் வைத்து மறுபடி எடுத்தேன்.

அது சின்ன விஷயம். கார்டில் அப்பா பெயருக்கு 'பி' என்ற இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். அரபியில் 'ப' ஒலிக்கு எழுத்தே கிடையாது, 'bus' என்பதில் வரும் ஒலிக்குரிய எழுத்தைத்தான் போடுவார்கள். ஒற்றை எழுத்தை அப்படிப் பெயர்த்தால் யார் பிள்ளை என்றே தெரியாது. கார்டில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்க்கவும் மாட்டார். அவர் அங்குள்ள நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர். தன் முத்திரைக்கு அவரே பொறுப்பு.

கடைசியில் இங்கே பள்ளிக்குப் போய், முழுப்பெயரோடு ஒரு சான்று வாங்கினேன். மகன் தன் எமிரேட்ஸ் ஐடியையும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தான். அதில் அவன் பெயர் ஏற்கெனவே அரபியில் இருக்கிறது. அதே எழுத்துக்கூட்டலை எழுதிவிடலாம்.

என்னைக் கேட்டால், நம்மூர்ப் பள்ளிகள் ரேங்க் கார்டில் இனிஷியலை விரித்தே எழுதலாம். ஒரு வரி மைதானே செலவு!