போன கடைகளையும் கணக்கில் எழுதுங்கள்

நம்மவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று கடைகளுக்கு பில் போடும் மென்பொருளைத் தயாரித்து மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கிறார்கள். தகப்பனோ மாமாவோ தெரிந்த முதலாளியோ முழாரபா முறையில் அதற்குப் பணம் போடுகிறார். இலாபத்தில் இருவருக்கும் பங்கு. ஆனால் நடத்துபவரின் கவனயீனம் இல்லாமல் நட்டம் வந்தால் போவது முதல் போட்டவரின் பணம்தான். அப்படியிருக்க, "இந்த மாதம் வருமானம் கூடியதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் திருப்திப்படுவது சரியல்ல என்பது எனது கருத்து.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மாதம் முதலாம் திகதி 120 கடைகள் இருக்கின்றன. 100 சிறு கடைகள் தலா 2,500 ரூபாவும், 20 பெரிய கடைகள் தலா 7,500 ரூபாவும் கட்டுகின்றன. மொத்தம் 4 இலட்சம் ரூபா. மாத முடிவில் 128 கடைகள், 4 இலட்சத்து 25 ஆயிரம் ரூபா. கேட்பவருக்கு வியாபாரம் வளர்கிறது என்றே தோன்றும்.

உள்ளே நடந்தது வேறு. 4 சிறு கடைகளும் 2 பெரிய கடைகளும் விலகிவிட்டன. அதில் 25,000 போய்விட்டது. ஒரு பெரிய கடை சிறிய கட்டணத்துக்கு இறங்கியது. அதில் 5,000 குறைந்தது. 4 சிறு கடைகள் பெரிய கட்டணத்துக்கு ஏறின. அதில் 20,000 கூடியது. புதிதாக 14 சிறு கடைகள் சேர்ந்து 35,000 தந்தன. கடைசியாகச் சொன்ன இந்தப் புதிய பணம்தான் ஓட்டையை மறைக்கிறது. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, முதலாம் திகதி இருந்த 120 கடைகளை மட்டும் வைத்து மூன்று கணக்குகள் போட வேண்டும்.

முதலாவது, விலகல் வீதம். இதைத்தான் சேர்ன் ரேட் என்கிறார்கள். 120 இல் 6 போனதால் 5 வீதம். மாத முடிவில் உள்ள 128 ஆல் பிரித்தால் 4.7 வீதம் என்று வரும். அது பிழை, புதிதாக வந்தவர்களைச் சேர்த்து போனவர்களின் பங்கைக் குறைத்துக் காட்டும் கணக்கு அது.

இரண்டாவது, மொத்தத் தக்கவைப்பு. 4 இலட்சத்தில் போன 25,000, குறைந்த 5,000 இரண்டையும் கழித்தால் 3,70,000. அதாவது 92.5 வீதம். கடைகளில் போனது 5 வீதம், பணத்தில் போனது 7.5 வீதம். பெரிய கடைகள் போனதே இதற்குப் பிரதான காரணம்.

மூன்றாவது, தேறிய தக்கவைப்பு. கட்டணம் ஏறிய கடைகளின் 20,000 ஐயும் கூட்டினால் 3,90,000, 97.5 வீதம்.

பலர் இந்த மூன்றாவது எண்ணைக் காட்டியே பெருமைப்படுகிறார்கள். நான் இரண்டாவதையே நம்புவேன். ஒருமுறை ஏறிய கடை மாதாமாதம் ஏறப்போவதில்லை. ஆனால் விலகும் காரணம் சரிசெய்யப்படாவிட்டால் விலகல் தொடரும். ஏறுபவர்கள் இருக்கும்வரை, வருமானத்தை அதே இடத்தில் நிறுத்த மாதம் 4 புதிய சிறு கடைகள் போதும். ஏறுவது நின்றால் 12 கடைகள் பிடிக்க வேண்டும். ஒரு நகரத்தில் அப்படி எத்தனை மாதங்களுக்குக் கடைகள் கிடைக்கும்?

இதே போக்கு ஒரு வருடம் நீடித்தால் என்னவாகும்? 7.5 ஐ 12 ஆல் பெருக்கி 90 வீதம் போய்விடும் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு மாதமும் எஞ்சியதில்தான் குறைகிறது. 0.925 ஐ 12 தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.39 வரும். ஏறியவர்களின் பணத்தைச் சேர்க்காமல் பார்த்தால், இன்றைய 4 இலட்சத்தில் ஒரு வருடத்தின் பின் மிஞ்சுவது சுமார் 1 இலட்சத்து 57 ஆயிரம்தான். இருந்தாலும், 20 பெரிய கடைகளில் இரண்டு போனது ஒரு மாதத்துத் தற்செயலாகவும் இருக்கலாம். எனவே மூன்று மாதக் கணக்கையாவது பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

இந்தக் கணக்கு கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, காசு கட்டாத கடையைப் பட்டியலில் வைத்திருப்பது. 60 நாள் நிலுவையென்றால் விலகியதாக எழுதுவோம் என்று ஒரு விதி வைத்து, அதை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். மற்றது, கட்டண உயர்வு. 2022 இல் போல ரூபாவின் பெறுமதி சரியும் காலத்தில் கட்டணத்தை 20 வீதம் கூட்டினால், பத்திலொரு கடை போனாலும் தேறிய எண் 100 ஐத் தாண்டும். 90 கடைகள் 120 ரூபா வீதம் தந்தால் 10,800. முன்பு 100 கடைகள் 100 ரூபா வீதம் தந்தது 10,000. கடைகள் போவதை அந்த எண் சொல்லாது.

ஆகவே முதல் போடுமுன், கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு முதலாம் திகதியும் இருந்த கடைகளின் பட்டியலையும் ஒவ்வொன்றும் கட்டிய தொகையையும் கேளுங்கள். பில் கொப்பி ஒழுங்காக இருந்தால் ஒரு நாளில் எடுத்துவிடலாம். அதைத் தர முடியாதவரிடம் விலகியவர்களின் கணக்கு இல்லை. அவரிடம் பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.