சம்பளமா, மறுபடியும் தொழிலா? முதலில் பழைய கடன்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை லோடு அடிக்கக் கடனில் 'குட்டியானை' வண்டி வாங்கிய நம் இளைஞர்கள் சிலர் இன்று வண்டியில்லாமல் நிற்கிறார்கள். பிழைக்கத் தெரியாதவன் என்கிறது ஊர். நாம் பார்ப்பது வேறு. வாடகை பாக்கி வைத்திருப்பவர் தோட்டக்காரர், கேட்கப் போகிறவர் காலனிப் பையன். கறாராகக் கேட்டால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். வங்கித் தவணையோ காத்திருக்காது. நட்டத்தைத் தாங்க அப்பன் வழி நிலமும் கிடையாது.

இனிச் சம்பளத்துக்குப் போவதா, மறுபடியும் தொழில் தொடங்குவதா? இதற்கு விடை பழைய கடனை எப்படி முடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டியை ஏலம் விட்டபின் 2 லட்சம் ரூபாய் பாக்கி. '1.20 லட்சத்தை ஒரே தடவையில் கட்டுங்கள், கணக்கை முடிக்கிறோம்' என்கிறது வங்கி. 80 ஆயிரம் மிச்சம். ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். பாதியில் பேசி முடித்த கடன் என்று அதற்குப் பொருள். இப்படி முடித்தவருக்கு அதே வங்கி, விவசாயம் அல்லாத கடனை மீண்டும் தரக் குறைந்தது 12 மாதம் ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023இல் வகுத்த விதி. மற்ற வங்கிகளும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத் தயங்கும்.

சம்பளத்திலேயே நிலைக்கப் போகிறவருக்கு இந்தச் சமரசம் லாபம்தான். அந்தத் தொகைக்காகக் கந்துவட்டிக்குப் போகாமல் இருந்தால் போதும். மறுபடியும் தொழில் என்பவர் முழுப் பாக்கியையும் கட்டுவதே நல்லது. மாதம் 16 ஆயிரம் சம்பளத்தில் 6 ஆயிரம் ஒதுக்கினால், வட்டி சேராமலே ஏறக்குறைய மூன்று ஆண்டு பிடிக்கும். கட்டி முடித்ததும் கடனில்லாச் சான்று வாங்கி, அறிக்கையில் 'குளோஸ்டு' என்று ஏறியதா எனப் பார்க்க வேண்டும். அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம்.

மூன்று ஆண்டு வீண் அல்லவா என்று கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்காகத் தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் வயது வரம்பு 55. திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், மீதி 65 சதவீதம் வங்கிக் கடன், நம் கைப்பணம் தேவையில்லை. விண்ணப்பம் போவது மாவட்டத் தொழில் மையம் வழியாக. ஆனால் 65 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடுவது வங்கி மேலாளர். அவர் முதலில் திறப்பது சிபில் அறிக்கையை. மானியம் அரசு தந்தாலும், கதவு அங்கேதான் மூடுகிறது.

ஆகவே முப்பது வயதில் மூன்று ஆண்டு சம்பளத்துக்குப் போவது தோற்று ஒதுங்குவது ஆகாது. அந்தச் சம்பளம் கடனை அடைக்கிறதா, வயிற்றோடு முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதோடு, அடுத்த தொழிலில் பாக்கி வைப்பவரிடம் எப்படி வசூலிப்பது என்பதற்கும் விடை வேண்டும். அது கிடைக்காமல் மறுபடியும் வண்டி வாங்கினால், அதே ஏலம்தான் மறுபடியும் வரும்.