தலைப்பில் 😱 போட்டால் வியூஸ் ஏறுமா?

'கண்ணீரில் ரசிகர்கள் 😭💔 பிரபல நடிகர்...' என்று ஒரு வீடியோ தலைப்பு யூடியூபில் வந்து நிற்கிறது. பார்ப்பவருக்கு நெஞ்சு திக்கென்கிறது. பதறிப்போய்த் தட்டினால், அந்த நடிகர் ஒரு சீரியலில் இருந்து விலகிவிட்டாராம். அவ்வளவுதான். தலைப்பில் உள்ள சொற்களில் பொய்யே இல்லை என்று சேனல்காரர் வாதாடலாம். யாரும் இறந்ததாக அவர் எழுதவில்லை. சொல்லாத சாவைச் சொன்னது அந்த இரண்டு இமோஜிதான்.

இமோஜி போட்டாலே மலிவு, படித்தவர்கள் நம்ப மாட்டார்கள் என்று ஒதுங்கி நிற்கும் சேனல்களும் உண்டு. இரண்டாயிரம் வார்த்தை ஸ்கிரிப்ட் எழுதி, நாள் முழுக்க எடிட் செய்த வீடியோவை, போனில் விரல் தள்ளிக்கொண்டே போகும் ஒருவர் கண்டுகொள்ளாமலே போய்விடுவார். கறுப்பு எழுத்துகளாக நிறைந்த திரையில் ஒரு சின்ன வண்ணப்படம் கண்ணை ஒரு நொடி நிறுத்தும். அந்த ஒரு நொடி நியாயமான லாபம்தான். அதை வைத்து என்ன சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

பெயர்ப்பலகையா, கூச்சலா?

தலைப்பில் வரும் இமோஜிகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். முதல் வகை, வீடியோ எதைப் பற்றியது என்று சொல்வது. 🚆 என்றால் ரயில் பயணம், 🍛 என்றால் சமையல், 📈 என்றால் பங்குச் சந்தை. இது கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி. இரண்டாவது வகை, பார்ப்பவர் என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே கட்டளை போடுவது. 😱 என்றால் பயப்படு, 😭 என்றால் அழு, 🔥 என்றால் வாயைப் பிள. கிளிக்பெய்ட் நாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இமோஜியை நீக்கிவிட்டுத் தலைப்பை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தகவல் காணாமல் போனால் அது பெயர்ப்பலகை. சத்தம் மட்டும் குறைந்தால் அது கூச்சல். முதலில் பார்த்த நடிகர் தலைப்பில் 💔-ஐ நீக்கினால் காணாமல் போவது ஒரு பொய்த் தகவல். மூன்றிலும் மோசமான ரகம் அது.

வருமான வரியில் இருந்து ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரித் தள்ளுபடி கிடைக்கிறது. ஆனால் பங்கு விற்ற லாபம் போன்ற, தனி விகிதத்தில் வரி போடப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. நிலையான கழிவு போக சம்பளம் 10 லட்சம், வாங்கி ஒரு வருடத்துக்குள் பங்கு விற்ற லாபம் 1 லட்சம் என்று ஒருவருக்கு இருந்தால், மொத்தம் 11 லட்சம்தான். சம்பளத்துக்கான வரி தள்ளுபடியில் போய்விடும். பங்கு லாபத்துக்கு 20 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 20,800 ரூபாயை அவர் கட்டித்தான் ஆக வேண்டும்.

இதை விளக்கும் பத்து நிமிட வீடியோவுக்கு ஒருவர் இப்படித் தலைப்பு வைக்கலாம்: '😱😱 12 லட்சம்னு நம்பி ஏமாந்துடாதீங்க!! வரி கட்டியே ஆகணும் 🔥🔥'. இன்னொருவர் இப்படி வைக்கலாம்: '📈 ஷேர் வித்த லாபம் இருக்கா? 12 லட்சம் வரிச் சலுகை முழுசா கிடைக்காது'.

இரண்டும் ஒரே வீடியோவைத்தான் காட்டுகின்றன. இரண்டுமே பேச்சுத் தமிழ்தான். முதல் தலைப்பு சம்பளம் வாங்கும் எல்லாரையும் பயமுறுத்துகிறது. பங்கு வாங்கியே இராத ஒருவர் உள்ளே வந்து, இது தனக்குச் சம்பந்தமில்லை என்று முப்பது நொடியில் வெளியேறுவார். இரண்டாவது தலைப்பில் 📈 செய்யும் வேலை ஆளைப் பிரிப்பது. டீமேட் கணக்கு வைத்திருப்பவர் கண்ணில் அது உடனே படும். மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள், போகட்டும். விஷயத்தைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். தனக்கு எவ்வளவு வரி வரும், எப்படிக் கணக்குப் போடுவது என்ற கேள்வி அப்படியேதானே இருக்கிறது? அதற்காகத்தான் வருவார்கள்.

கிளிக் மட்டும் போதாது

தட்டுபவர்கள் குறைந்தால் நஷ்டம்தானே என்று தோன்றும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: இரண்டு தலைப்புகளும் தலா 10,000 முறை திரையில் காட்டப்படுகின்றன. முதலாவதை 8 சதவீதம் பேர் தட்டினால் 800 பேர். அதில் முப்பது நொடி தாண்டியும் இருப்பவர்கள் 35 சதவீதம் என்றால் மிஞ்சுவது 280 பேர். இரண்டாவதை 5 சதவீதம்தான் தட்டுகிறார்கள், அதாவது 500 பேர். அவர்களில் 70 சதவீதம் தங்கினால் 350 பேர். வியூஸ் எண்ணிக்கையில் தோற்ற தலைப்பு, பார்த்தவர்கள் எண்ணிக்கையில் ஜெயித்துவிடுகிறது.

யூடியூபுக்கும் இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். வெறும் வியூஸ் எண்ணிக்கையை விட்டு, பார்த்த நேரத்துக்கு முன்னுரிமை தரும்படி 2012-லேயே அது தன் பரிந்துரை முறையை மாற்றிவிட்டது. இப்போது மூன்று தம்ப்நெயில்கள் வரை போட்டுச் சோதிக்கும் வசதி சேனல்களுக்கு இருக்கிறது. அதில் வெற்றியாளரைத் தீர்மானிப்பதும் கிளிக் எண்ணிக்கை இல்லை, பார்த்த நேரம்தான்.

அதற்கும் மேலே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. தலைப்பு, தம்ப்நெயில் எதை வைத்தும் வீடியோவில் இல்லாததை இருப்பதாக நம்பவைக்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. முக்கியச் செய்திகள், நடப்பு நிகழ்வுகள் தொடர்பாக இப்படி அப்பட்டமாக ஏமாற்றும் வீடியோக்கள் மீது இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப் போவதாக 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்தது. தொடக்கத்தில் ஸ்ட்ரைக் கொடுக்காமல் வீடியோவை மட்டும் நீக்குவோம் என்றும் சொன்னது. தனியாக ஒரு 😱 போட்டதற்காக யாருடைய வீடியோவும் போய்விடாது. ஆனால் '😭💔 பிரபல நடிகர்...' ரகம் அந்தக் கோட்டுக்கு ரொம்பத் தூரத்திலும் இல்லை.

எது, எங்கே, எத்தனை

தலைப்புக்கு யூடியூப் தரும் இடம் 100 கேரக்டர்கள். தமிழில் அது கண்ணுக்குத் தெரிவதை விடக் குறைவு. 'தக்காளி' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு, ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்படும். அந்த நூறும் போனில் முழுதாகத் தெரிவதில்லை. இரண்டு வரிக்கு மேல் போனால் மூன்று புள்ளிகளோடு வெட்டிவிடும். ஆகவே பெயர்ப்பலகை இமோஜி என்றால் அது முதலில் நிற்க வேண்டும். கடைசியில் வரிசையாக அடுக்கும் நான்கு இமோஜிகளைப் பலர் பார்க்கப்போவதே இல்லை.

ஒன்று போதும், மிஞ்சிப் போனால் இரண்டு. முகங்களை விடப் பொருள்கள் நல்லது. தலைப்பு அளவில் 😱, 😨, 😰 எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மஞ்சள் புள்ளிதான். 🍛, 🚆, 📈 போன்றவற்றுக்குத் தனி வடிவமும் நிறமும் இருப்பதால் சட்டென்று அடையாளம் தெரியும். டார்க் மோடில் 🖤 மாதிரி கறுப்பு இமோஜிகள் பின்னணியில் கரைந்துபோகும். ஆகவே வெளியிடும் முன் தலைப்பை இரண்டு மோடிலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பார்வை இல்லாதவர்களின் போனில் தலைப்பை வாசித்துக் காட்டும் டாக்பேக் போன்ற வசதிகள், இமோஜியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லும். முன்னால் அடுக்கிய ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு முடித்த பிறகுதான் விஷயம் காதில் விழும். ஒரு 📈 அங்கேயும் பொறுத்துக்கொள்ளக்கூடியது. 😱😱😱 அப்படி இல்லை.

⚠️ ஒரு தனி ரகம். வரித் தாக்கலுக்குக் கடைசி நாள், ஒரு மோசடி ஆப் பற்றிய எச்சரிக்கை என்று உண்மையிலேயே அவசரமான வீடியோவுக்கு அது பொருத்தமான அடையாளம்தான். மாதத்துக்கு எட்டு வீடியோ போட்டு எட்டிலும் ⚠️ ஒட்டினால், நிஜமான எச்சரிக்கை வரும் நாளில் அந்தச் சேனலிடம் காட்ட வேறு அடையாளம் மிச்சமிருக்காது.

செய்திச் சேனல்களின் 🔴-ஐயும் விட்டுவிட முடியாது. நேரலை ஓடும்போது அது சரியான தகவல். நேரலை முடிந்ததும் யூடியூப் தன் சிவப்பு லைவ் முத்திரையை எடுத்துவிடுகிறது, எப்போது ஒளிபரப்பானது என்று கீழே போட்டும் விடுகிறது. ஆனால் தலைப்பில் கையால் போட்ட 🔴 அப்படியே நிற்கிறது. நேற்றைய மழை நிலவரத்தை இன்றைக்கு நடப்பது என்று நினைத்து ஒருவர் பள்ளிக்கு லீவா என்று தேடிக்கொண்டிருப்பார். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, தலைப்பைத் திருத்த மறந்துவிட்டார்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பலன் தெரிவது எப்படி?

யூடியூப் ஸ்டுடியோவில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையில் காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் பேர் தட்டினார்கள் என்பது ஒன்று. பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. முப்பதாவது நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்பது இன்னொன்று. இமோஜி போட்ட பிறகு முதல் எண் ஏறி, இரண்டாவது சரிந்தால், தலைப்பு சொன்னது வீடியோவில் இல்லை என்று பார்த்தவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டும் ஏறினால் அந்த இமோஜி சரியான ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெளியிட்ட முதல் நாள் ஒரு தலைப்பு, மூன்றாம் நாள் இமோஜி சேர்த்த தலைப்பு என்று வைத்து இரண்டு நாளையும் ஒப்பிடுவார்கள். முதல் நாள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சப்ஸ்கிரைபர்கள், எப்படியும் தட்டுவார்கள். பிறகு வீடியோ சேனலையே தெரியாதவர்களுக்குப் போகும்போது சதவீதம் தானாகக் குறையும். இமோஜியால்தான் குறைந்தது என்று அதை எடுத்துவிடுவது வீண் முடிவு. ஒரே மாதிரியான நான்கைந்து வீடியோக்களுக்கு இமோஜியோடும், அடுத்த நான்கைந்துக்கு இல்லாமலும் போட்டு, ஒவ்வொன்றின் முதல் வாரத்தையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். சில நூறு முறை மட்டுமே திரையில் வந்த வீடியோ என்றால், பத்துப் பேர் கூடுதலாகத் தட்டினாலே சதவீதம் எகிறிவிடும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.