கைதவறி விழுந்த சிரிப்பு



திருநகர் வாசகி ஒருவர் கலங்கிப்போய் எழுதியிருக்கிறார். அவர் தெருவில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். செய்தியை அவர் மகன் குடியிருப்போர் நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். இவர் செய்தியை அழுத்திப் பிடித்தார். மேலே வரிசையாக வந்த எமோஜிகளில் அழும் முகத்துக்குப் பதிலாக, இரண்டு இடம் தள்ளியிருந்த சிரிப்பு முகத்தில் விரல் பட்டுவிட்டது. பதறிப்போய் குப்பைத்தொட்டிப் படத்தைத் தட்டி அழித்துவிட்டார். "இப்போது என் போனில் ஒன்றுமே இல்லை, மற்றவர்கள் போனிலிருந்தும் போயிருக்கும்தானே?" என்று கேட்கிறார்.

போயிருக்காது, அம்மா. மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரங்கல் செய்தி அந்த மகன் போட்டது. பிறர் போட்ட செய்தியை நாம் அழித்தால், அட்மினாக இல்லாதவரை "Delete for me" மட்டும்தான் நடக்கும். நம் போனில் மட்டும் செய்தி மறையும். குழுவில் உள்ள மற்ற எல்லார் போனிலும் செய்தியும் இருக்கும், அதன் அடியில் நம் சிரிப்பு முகமும் இருக்கும். அதைத் தட்டினால் யார் போட்டது என்று பெயரும் தெரியும். செய்தி நம் கையில் இல்லாததால், ரியாக்‌ஷனை எடுக்கவும் நமக்கு வழியில்லாமல் போகிறது. அழித்தவுடன் சில விநாடிகள் கீழே "Undo" என்று தெரியும். அதைத் தட்டினால் செய்தி திரும்பி வரும். அந்த விநாடிகள் போய்விட்டால் அவ்வளவுதான்.

அட்மின் பொறுப்பில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் "Delete for everyone" கொடுத்தால் துக்கச் செய்தியே எல்லார் போனிலிருந்தும் போய்விடும். அந்த இடத்தில் அட்மின் அழித்தார் என்ற குறிப்பு நிற்கும். தகப்பனை இழந்த வீட்டுக்கு அதைவிட வேறு வேதனை வேண்டாம்.

செய்ய வேண்டியது இதைவிட எளிது. செய்தியைத் தொடாமல், அதன் அடியில் ஒட்டியிருக்கும் எமோஜியைத் தட்டுங்கள். திறக்கும் பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே "Tap to remove" என்று இருக்கும். அங்கே தட்டினால் போதும். வேண்டுமென்றால் செய்தியை மறுபடி அழுத்திப் பிடித்து 🙏 வைக்கலாம். ஒருவருக்கு ஒரு செய்தியில் ஒரே ரியாக்‌ஷன்தான் என்பதால் பழையது தானாக விலகிவிடும்.

யாருக்குத் தெரியும் என்பதுதான் அடுத்த கவலை. குழுவில் எத்தனை பேர் இருந்தாலும், ரியாக்‌ஷன் வைத்ததற்கான நோட்டிஃபிகேஷன் அந்தச் செய்தியைப் போட்டவருக்கு மட்டுமே போகும். மற்றவர்கள் குழுவைத் திறந்து பார்த்தால்தான் காண்பார்கள். எடுத்தால் யாருக்கும் அறிவிப்பு இல்லை, "எடுக்கப்பட்டது" என்ற தடயமும் நிற்காது. நாமே போட்ட செய்தியை எல்லாருக்குமாக அழிப்பதில் நிலைமை வேறு. அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு, மணியும் அடிக்காது. ஆனால் "This message was deleted" என்ற வரி குழுவிலேயே தங்கிவிடும். என்ன எழுதி அழித்தார் என்று ஆளாளுக்கு யோசிப்பார்கள். செய்திக்கு மற்றவர்கள் வைத்த ரியாக்‌ஷன்களும் அதோடு போய்விடும்.

ஒற்றை எமோஜிக்காக ஒருவர் வேலையையே இழந்த வழக்கு நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. 2018-ல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த குழுவில் காவலர் ஒருவர் கட்டைவிரல் குறியைப் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று அவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அந்தக் குறிக்குப் பொருள் கொள்ள முடியாது என்று, 2024 மார்ச்சில் நீதிபதிகள் டி. கிருஷ்ணகுமார், ஆர். விஜயகுமார் அமர்வு அவர் பக்கம் நின்றது. வாட்ஸ்அப்பில் ரியாக்‌ஷன் வசதி 2022 மே மாதம்தான் வந்தது. அதனால் அவர் போட்டது தனிச் செய்தி. அழித்திருந்தாலும் அழித்த தடயம் நின்றிருக்கும். இன்றைய ரியாக்‌ஷனாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் எடுத்திருக்கலாம், யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காத வரையில்.

எடுப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. எடுப்பதற்குள் அந்த மகன் பார்த்திருந்தால் பார்த்ததுதான். ஏதோ காரணத்தால் எடுபடாமல் போனாலும் வாட்ஸ்அப் நமக்குச் சொல்லாது.

வாசகிக்கு ஒன்று சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி அந்தச் செய்தியின் அடியில் பாருங்கள், சிரிப்பு அங்கேயே இருக்கும். துட்டி கேட்கப் போகும்போது அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "கைதவறிப் பட்டுடுச்சுய்யா, தப்பா நினைச்சுக்காத" என்று நேரில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்